இருட்டுக்கு யார் சாட்சி: மின்தடை மாலைப் படங்களும் அவற்றின் அடியில் எழுதும் குறிப்பும்

1. கேள்வி

மெழுகுவர்த்தி ஒன்றைத் தரையில் நிறுத்தி, அதைச் சுற்றி வீட்டார் நாலைந்து பேர் சம்மணமிட்டு அமர்ந்து தாயமோ பல்லாங்குழியோ ஆடிக்கொண்டிருக்கும் புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். சிலருடைய ஆல்பத்திலும் பெரும்பாலோருடைய கைபேசியிலும் அப்படி ஒன்றாவது இருக்கும். அதன் அடியில் எழுதப்படும் வாசகமும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கிறது. கரண்ட் போனது, குடும்பம் கூடிற்று, அந்தக் காலமே காலம் என்ற மூன்று செய்திகளை ஏதோ ஒரு வரிசையில் சொல்லி அது முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட படத்துக்கு அடியில் என்ன எழுதுவது நியாயம், எதை எழுதினால் படம் பிற்காலத்தில் ஒரு சாட்சியாக நிற்கும், எதை எழுதினால் அது வெறும் அலங்காரமாகிவிடும் என்பதே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். அற்ப விஷயம் என்று தோன்றலாம். ஆயினும் ஒரு தலைமுறையின் மாலை நேரங்களைப் பற்றி நமக்கு எஞ்சப்போகிற பிரமாணங்களில் இவ்வகைப் படங்களும் சேரும் என்பதால், சற்றே நிதானமாகப் பார்ப்பதில் தவறில்லை.

ஆராய்ச்சிக்கு இடமாகத் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தை எடுத்துக்கொள்கிறேன். கோட்டைக்குத் தெற்கே, வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி அமைந்த இப்பகுதியில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மின்தடை என்ற அனுபவம் கேரளத்தில் தமிழ்நாட்டினின்றும் வேறான ஒரு வடிவம் கொண்டிருந்தது என்பதும், அந்த வடிவம் விளையாட்டையும் படத்தையும் குறிப்பையும் ஒருங்கே பாதித்தது என்பதும் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம்.

2. அரைமணி நேரத்தின் லக்ஷணம்

கேரளத்தின் மின்சாரம் நீண்டகாலமாக நீரை நம்பியது. 1940-இல் பள்ளிவாசலில் தொடங்கிய நீர்மின் உற்பத்தி, 1976-இல் இடுக்கித் திட்டம் இயங்கத் தொடங்கியபோது அதன் பெரிய அளவை எட்டிற்று. மூலமற்றத்து நிலத்தடி மின்நிலையத்தின் ஆறு இயந்திரங்களும் சேர்ந்து 780 மெகாவாட் தரவல்லவை. ஆனால் அணையில் நீர் இருந்தால்தான் இயந்திரம் சுழலும். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய வருஷங்களில் மின்வாரியம் நீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தது. அந்தச் சிக்கனம் எந்த நேரத்தில் வேண்டியிருந்தது என்றால், எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் விளக்கும் விசிறியும் தொலைக்காட்சியும் ஓடும் மாலைப் பொழுதில்தான்.

ஆகவேதான் 2012-இல் கேரளத்தில் அமலுக்கு வந்த ‘லோடு ஷெட்டிங்’ மாலை 6.30 மணிக்கும் இரவு 10.30 மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில், பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில், ஒவ்வொரு பகுதிக்கும் அரைமணி நேரம் என்று வகுக்கப்பட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம், சில மாதங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக, மின்சாரம் இல்லாமலிருந்தது. இரண்டையும் மின்தடை என்ற ஒரே சொல்லில் அடக்குவது பெரிய பிழை. பத்து மணி நேரத் தடையை எதிர்கொள்ளும் வீடு இன்வெர்ட்டர் வாங்குகிறது, மாவை முன்கூட்டியே அரைத்து வைக்கிறது, பட்டறையானால் ஆட்களை அனுப்பிவிடுகிறது. அறிவிக்கப்பட்ட அரைமணி நேரத்தை எதிர்கொள்ளும் வீட்டுக்கு அவ்வளவு ஏற்பாடு அவசியமில்லை; மாடத்திலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தால் போதும். முடியும் நேரம் முன்பே தெரிந்த இருட்டு அது. விளையாட உட்காரும் மனோபாவத்துக்கு முடிவு தெரிந்த இருட்டே தோதானது என்பது என் அபிப்பிராயம். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத இருட்டில் மனிதர் மின்வாரியத்துக்குத் தொலைபேசியில் அழைப்பார்களேயன்றித் தாயக்கட்டையை உருட்டமாட்டார்கள்.

எனவே படக்குறிப்பில் ‘கரண்ட் கட்’ என்று மட்டும் எழுதினால் அது பாதிச் செய்திதான். எந்த ஊர், எந்த வருஷம், அறிவித்த தடையா, மழையில் மரம் விழுந்து அறுந்த கம்பியா என்பவை தெரிந்தால்தான், படத்தில் இருப்பவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதியோ அலுப்போ பொருள் பெறுகிறது.

3. படம் சொல்ல இயலாதவை

மெழுகுவர்த்திப் படம் தன்னளவில் எதைச் சொல்கிறது என்று இனிப் பார்ப்போம். இருட்டு இருக்கிறது, ஒரு சுடர் இருக்கிறது, முகங்கள் இருக்கின்றன. இருட்டின் காரணம் படத்தில் இல்லை.

இதற்குத் தக்க உதாரணம் 2020 ஏப்ரல் 5-ஆம் தேதி. அன்றிரவு 9 மணிக்கு ஒன்பது நிமிஷம் மின்விளக்குகளை அணைத்துவிட்டு அகலோ மெழுகுவர்த்தியோ ஏற்றுமாறு பிரதமர் விடுத்த வேண்டுகோளுக்கு இசைந்து, நாடெங்கும் வீடுகள் தாமாகவே இருட்டாயின. ஊரடங்கில் வீட்டோடு இருந்த குடும்பம் அந்தச் சுடரைச் சுற்றி அமர்ந்து எடுத்துக்கொண்ட படத்துக்கும், 2012-இல் மின்வாரியம் விநியோகத்தை நிறுத்தியபோது எடுத்த படத்துக்கும் கண்ணால் காணக்கூடிய பேதம் ஏதேனும் உண்டா? விசிறி ஓடுகிறதா என்று பார்க்கலாம்; ஓடினால் மின்தடை இல்லை என்று ஊகிக்கலாம், அதுவும் இன்வெர்ட்டர் இல்லாத வீடாக இருந்தால். இல்லையேல் இரண்டு படங்களும் ஒன்றே. ஒன்றில் மின்சாரம் பறிக்கப்பட்டது, மற்றொன்றில் மனிதர் தாமே துறந்தார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தாங்குவது அடியில் உள்ள ஒற்றை வரிதான்.

மற்றொரு குழப்பமும் உண்டு. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் மின்தொகுப்பே சரிந்து கோடிக்கணக்கானோர் இருளில் ஆழ்ந்த செய்தி உலகப் பிரசித்தம். அவ்வருஷத்துப் படமொன்றைக் கண்டால், விவரம் அறியாதவர் அதை அந்த மாபெரும் இருட்டோடு முடிச்சுப் போட்டுவிடக் கூடும். ஆனால் தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது வடக்கோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படவில்லை. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31-இல்தான் நடந்தது. ஸ்ரீவராகத்து வீட்டின் இருட்டுக்கு வடக்கத்திச் சரிவு காரணமாக இருந்திருக்க முடியாது. வருஷத்தை மட்டும் எழுதி மாதத்தையும் ஊரையும் விட்ட குறிப்பு இத்தகைய பிழைக்கு வாசலைத் திறந்து வைக்கிறது.

காரணம் ஒருபுறம் இருக்க, வெளிச்சத்தையாவது படம் உள்ளபடி காட்டுகிறதா என்றால், அதுவும் சந்தேகத்துக்குரியதே. ஒரு சாதாரண மெழுகுவர்த்தி சுமார் ஒரு கேண்டெலா ஒளி தருகிறது. அதிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் விழும் வெளிச்சம் ஒரு லக்ஸ். தூரம் பாதியானால் நான்கு லக்ஸ். கட்டத்தை நடுவில் வைத்துச் சுற்றி அமர்ந்தவர்களின் முகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு லக்ஸ் என்று கொள்ளலாம். குழல்விளக்கு எரியும் கூடத்தில் இதைப்போல் ஐம்பது மடங்கு வெளிச்சம் இருப்பது சகஜம். இந்த இரண்டு லக்ஸில், பழைய காலத்து 400 வேகப் படச்சுருளில், கண்ணாடித் துவாரத்தை எஃப் 2.8 அளவுக்குத் திறந்துவைத்தாலும், முகம் சரிவரப் பதிய இரண்டு நொடிக்குமேல் வேண்டும். குழந்தைகளை இரண்டு நொடி அசையாமல் உட்கார வைப்பது யாரால் ஆகும்? எனவே அந்தக் காலத்துக் குடும்பக் காமிராக்காரர் ஃபிளாஷைத் தட்டினார். தட்டிய கணத்தில் இருட்டு தொலைந்தது. சுவரும் நாட்காட்டியும் கொடியில் தொங்கும் துண்டும் பளிச்சென்று விழ, நடுவில் ஏதோ பிறந்தநாள் போல ஒரு மெழுகுவர்த்தி பிரயோஜனமின்றி நின்றது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு சற்று விசித்திரமானது. படச்சுருள் காலத்து மின்தடை மாலைகளுக்கு, அந்த இருட்டின் சாயலில் பதிந்த குடும்பப் படங்கள் மிக அபூர்வம். நாம் ‘அந்தக் காலம்’ என்று எண்ணி ரசிக்கும் பொன்னிறப் படங்களில் பெரும்பாலானவை கைபேசிக் காமிரா வந்த பிறகு, அதாவது வசதியுள்ள வீடுகளில் இன்வெர்ட்டர் புகுந்துவிட்ட பிறகு எடுத்தவை. கைபேசிகூட ஆறில் ஒரு பங்கு நொடியாவது திறந்திருந்தால்தான் அந்த வெளிச்சத்தில் பதிவுசெய்கிறது. அதனால் அமைதியாக இருப்பவர் முகம் தெளிவாகவும், காயை உருட்டுபவர் கை புகைபோலவும் விழுகின்றன. மெழுகுச் சுடரின் செம்மஞ்சளைத் ‘திருத்தி’ வெண்மையாக்க முயலும் கருவிகளும் உண்டு. பிறகு யாரோ ஒருவர் பொன்னிறத்தைக் கூட்டிவிடுகிறார். இப்படி இருமுறை திருத்தப்பட்ட நிறத்தைப் பார்த்து ‘எத்தனை இதமான வெளிச்சம்’ என்று குறிப்பெழுதுகிறவர், மாலையைப் பற்றி எழுதவில்லை; மென்பொருளைப் பற்றி எழுதுகிறார்.

4. குறிப்பைப் பற்றி முன்னோர் கொண்ட கருத்து

படத்துக்கும் அதன் அடிவாசகத்துக்கும் உள்ள உறவை மேல்நாட்டார் கடந்த நூற்றாண்டில் கூர்ந்து விவாதித்திருக்கிறார்கள். வால்டர் பெஞ்சமின் 1931-இல் புகைப்படத்தின் சரித்திரம் பற்றி எழுதிய கட்டுரையின் முடிவில், இனி படத்தின் முக்கிய அங்கமாகக் குறிப்பே ஆகிவிடுமோ என்று வினவினார். ரோலான் பார்த் 1964-இல், படம் பல பொருளுக்கு இடங்கொடுப்பது என்றும், வாசகம் அவற்றுள் ஒன்றை நிலைநிறுத்தி மற்றவற்றை விலக்குகிறது என்றும் விளக்கினார். இருவரும் செய்தித்தாளையும் விளம்பரத்தையும் மனத்தில் கொண்டவர்கள். வீட்டு ஆல்பம் அவர்களுக்குப் பிரதானமாக இருக்கவில்லை.

நமக்கு இது புதிய விவாதமன்று. சங்கப் பாட்டுகளுக்குக் கீழே ‘தோழி கூற்று’, ‘தலைவி கூற்று’ என்றும், இன்ன சந்தர்ப்பத்தில் சொல்லியது என்றும் ஒட்டிவரும் குறிப்புகளைத் தமிழ் படித்தவர் அனைவரும் அறிவர். அவை பாடலின் பகுதியல்ல. பின்வந்த தொகுப்பாளரும் உரையாசிரியரும் சேர்த்தவை என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. குறிப்பில்லாமல் படித்தால் அதே பாட்டு வேறொருத்தியின் வாய்மொழியாகவும் ஒலிக்கக்கூடும். உரைகாரர்களே சில இடங்களில் இருவேறு கூற்றாகக் கொள்ள இடமுண்டு என்கிறார்கள். புறநானூற்றில் நிலைமை இன்னும் கூர்மையானது. பாடியவர், பாடப்பட்டவர், திணை, துறை என்ற அடிக்குறிப்பு இருக்கும் பாடல் சரித்திரத்துக்குச் சான்றாகிறது. குறிப்பு சிதைந்து போன பாடலோ எவ்வளவு அருமையாக இருந்தாலும் எந்த வேந்தனைப் பற்றியது என்று உறுதியாகச் சொல்ல இயலாமல் நிற்கிறது. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது அந்தச் சிறு குறிப்புகளையும் பாடலோடு சேர்த்துக் காத்துக்கொடுத்தார் என்பதை, இன்று படத்தை மட்டும் அனுப்பிவிட்டு விவரத்தை உதறுகிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த மரபிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கூற்றுக் குறிப்பு பாடலின் உணர்ச்சியைத் திருப்பிச் சொல்வதில்லை. ‘தலைவி மிக வருந்தினாள், ஐயோ’ என்று அது எழுதாது. யார், யாரிடம், எந்நிலையில் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உணர்ச்சியைப் பாட்டு பார்த்துக்கொள்ளும்.

5. ஒரு படத்தை எடுத்துக்கொண்டால்

உதாரணத்துக்காக ஒரு படத்தை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஸ்ரீவராகத்தில் ஓர் ஓட்டு வீட்டுக் கூடம். தரையில் சாக்கட்டியால் வரைந்த ஐந்துக்கு ஐந்து கட்டம். நடுவில் வைத்தால் காய் நகர்த்த இடைஞ்சலாகும் என்று ஓரமாக, கவிழ்த்த டம்ளர்மேல் நிறுத்திய மெழுகுவர்த்தி. பாட்டி, தகப்பனார், இரண்டு பிள்ளைகள். பாட்டியின் கை மட்டும் கலங்கித் தெரிகிறது. மூத்த பிள்ளையின் காய்கள் எல்லாம் கட்டத்துக்கு வெளியே கிடக்கின்றன.

தாயம் தெரியாதவர் இதில் ஒரு குடும்பம் விளையாடுவதை மட்டும் காண்பார். தெரிந்தவர் கதையைக் காண்பார். நீளமான இரண்டு பித்தளைக் கட்டைகளிலும் நான்கு பக்கங்கள். ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று குழிகள். இரண்டையும் சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம். அது பதினாறில் இரண்டு. தாயம் விழாமல் காய் உள்ளே புகாது. ஐந்து, ஆறு, இரண்டும் வெறுமையான பன்னிரண்டு ஆகியவற்றுக்கும் மறு ஆட்டம் உண்டு என்ற வழக்கத்தில், ஒரு முறை கைக்கு வரும்போது தாயம் விழும் வாய்ப்பு ஆறில் ஒன்று. அப்படியானால் பத்துச் சுற்று ஆடியும் உள்ளே புகாமல் ஒருவர் வெளியே காத்திருக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய ஆறில் ஒன்றாகிறது. ஆட்டத்துக்கு நால்வர் அமர்ந்தால், யாராவது ஒருவர் இப்படி முகம் சுருங்கி உட்கார்ந்திருப்பது அபூர்வமன்று. படத்தில் மூத்த பிள்ளையின் உம்மென்ற முகத்துக்குக் காரணம் மின்சாரம் போனதன்று, தாயம் விழாததே என்று நாம் அறிவது இந்தக் கணக்கால்தான்.

இன்னொன்று: பித்தளைக் கட்டையின் குழிகளை இரண்டு லக்ஸ் வெளிச்சத்தில் படிப்பது கடினம். ‘மூணா, ரெண்டா?’ என்ற தகராறு எழும். யாராவது மெழுகுவர்த்தியைத் தூக்கிவந்து காட்டும்போது மெழுகு கட்டத்தில் சொட்டும். இதை உத்தேசித்துத்தானோ என்னவோ, ஒரு பக்கம் தரையில் உரசி வெளுத்த புளியங்கொட்டையையோ சோழியையோ கொண்டு ஆடும் வழக்கம் இருட்டில் மிகவும் சௌகரியமாக இருக்கிறது. வெள்ளை மேலா, கறுப்பு மேலா என்பது மங்கலிலும் தெரியும். சோழியின் வாய் மேல்நோக்கியதா என்பதை விரலாலேயே தடவி அறியலாம். பல்லாங்குழியும் அப்படியே: பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்று எழுபது முத்துகளையும் கண்ணைவிடக் கையே நன்றாக எண்ணும். மாறாகப் பரமபதத்தின் சிறு எழுத்தும் சீட்டுக் கட்டின் சிவப்புக் கறுப்புப் பேதமும் மெழுகுவர்த்தியடியில் சிரமம் தருபவை. எந்த ஆட்டம், எந்தக் காயைக் கொண்டு என்று குறிப்பில் இருந்தால், அந்த வீட்டார் இருட்டை எப்படிச் சமாளித்தார்கள் என்பது கூடுதல் வார்த்தையின்றி விளங்கிவிடும்.

ஐந்துக்கு ஐந்து கட்டமேயானாலும், நால்வர் ஆடும் தாயம் அரைமணி நேரத்தில் முடிவது சிரமம். விளக்கு எரியும்போது ஆட்டம் பாதியில் இருக்கும். அதன்பின் தொடர்ந்தார்களா, தொலைக்காட்சியைப் போட்டார்களா என்பதைப் படம் ஒருநாளும் சொல்லாது.

6. இரு குறிப்புகளின் தராதரம்

இப்படத்துக்கு வழக்கமான குறிப்பு எப்படியிருக்கும்? மின்சாரம் போனால்தான் குடும்பம் கூடுகிறது என்ற பாவனையில் இருக்கும். இவ்வாசகத்தின் குறை அதன் மிகையில் மட்டும் இல்லை. மகிழ்ச்சிக்கு மின்தடையைக் காரணமாக்கிவிடுகிறது. அதே வீட்டில் அதே மாலை பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கும், ஆஸ்துமாவுக்கு மின்சாரத்தால் இயங்கும் நெபுலைசரை நம்பியிருக்கும் முதியவருக்கும் அந்த அரைமணி நேரம் வேறொரு முகம் காட்டியிருக்கும். சட்டகத்துக்கு வெளியே இருப்பவர்களையும் எண்ண வேண்டும். நம் கற்பனைப் படத்தில் தாயார் இல்லை. அவர் படம் பிடித்தவராக இருக்கலாம். மாலை ஏழு மணிக்கு வேறொரு மெழுகுவர்த்தியோடு அடுக்களையில் இருந்திருப்பதற்கே அதிக வாய்ப்பு. ‘குடும்பம் கூடிற்று’ என்று எழுதுகிறவர், அடுப்படியில் நின்றவரைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிடுகிறார்.

நினைவின் இனிமையைக் குறிப்பில் சேர்க்கவே கூடாதா என்று கேட்கலாம். எதிர்வாதத்துக்கு நியாயம் உண்டு: வீட்டுப் படம் அரசாங்க ஆவணமன்று, அதை வைத்திருப்பவர் தம் அன்பைச் சொல்ல உரிமையுள்ளவர். நான் மறுக்கவில்லை. அன்பு விவரத்தின் வாயிலாக வருவது மேல் என்பதே என் கட்சி. பாட்டி கட்டையை உருட்டுகிறாள், அவளுக்கு அன்று பன்னிரண்டு இருமுறை விழுந்தது என்று எழுதினால் அதில் இல்லாத பாசம், பொற்காலம் என்ற வார்த்தையில் எங்கிருந்து வரும்?

ஆகவே இப்படத்துக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: ‘ஸ்ரீவராகம், திருவனந்தபுரம், 2012 அக்டோபர். மாலை ஏழு மணி லோடு ஷெட்டிங். பாட்டி தாயம் உருட்டுகிறாள். பெரியவனுக்கு இன்னும் காய் இறங்கவில்லை. அம்மா அடுக்களையில்.’ இதில் ஊர், காலம், இருட்டின் காரணம், ஆட்டத்தின் நிலை, இல்லாதவர் இருக்கும் இடம் ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. ரசிக்க வேண்டியதைப் பார்ப்பவர் தாமே ரசித்துக்கொள்வார்.

7. விவரம் தொலையும் வழி

கடைசியாக நடைமுறையில் நேரும் ஒரு விபரீதத்தைச் சொல்ல வேண்டும். கைபேசி எடுத்த படத்தினுள்ளேயே தேதியும் நேரமும் பதிந்திருக்கும் என்று நம்பிப் பலர் குறிப்பே எழுதுவதில்லை. ஆனால் வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பும்போது அந்த உட்பதிவு நீங்கிவிடுகிறது. பெறுபவர் கைபேசியில் IMG-20200405-WA0012.jpg என்பது போன்ற பெயரோடு கோப்பு வந்து உட்காரும். அந்தப் பெயரில் உள்ள தேதி, படம் எடுத்த தேதியன்று, பரிமாறிய தேதி. 2012-இல் எடுத்த லோடு ஷெட்டிங் படத்தை யாரோ ஓர் உறவினர் 2020 ஏப்ரல் 5 அன்று சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று அனுப்பிவைத்தால், பத்து வருஷங்களுக்குப் பின் பார்ப்பவர் அதை அன்றிரவு தீபமேற்றிய படமென்றே கொள்வார். மறுக்க எந்த ஆதாரமும் அவர் கையில் இராது.

எனவே இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அச்சுப் படமானால் பின்பக்கத்தில் மிருதுவான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முகத்தின்மேல் தடம் பதிக்கும், மையும் நாளடைவில் ஊறும். கைபேசிப் படமானால் மூலக் கோப்பைப் பத்திரப்படுத்தி, ஊரையும் மாதத்தையும் இருட்டின் காரணத்தையும் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். ஆட்டத்தில் உட்கார்ந்திருந்த மூத்தவர் இன்னும் வீட்டில் இருந்தால், எழுதுமுன் அவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.